வாயைத் திறக்க மறுக்கும் பெரியவருக்குப் பல் துலக்குவது

பல் துலக்குவது ஒரே வேலை போலத் தோன்றும். ஆனால் அதற்குள் பத்துப் பதினைந்து சின்ன வேலைகள் வரிசையாக அடங்கியிருக்கின்றன. பிரஷ் இருக்கும் இடம் நினைவில் இருக்க வேண்டும். பேஸ்ட் மூடியைத் திருகித் திறந்து அளவாகப் பிதுக்க வேண்டும். பிரஷை வாய்க்குள் கொண்டுபோய், மேலும் கீழும் உள்ளும் வெளியும் திருப்பித் தேய்க்க வேண்டும். பிறகு துப்ப வேண்டும். டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் இந்த வரிசையைக் குலைத்துவிடுகிறது. பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர் உண்டு. அதை வைத்துத் தலை சீவப் பார்ப்பவரும் உண்டு. விளக்காமலேயே “காலையிலேயே விளக்கிட்டேன்” என்று உறுதியாகச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் மனத்தில் அது நடந்து முடிந்த காரியம்.

கை முடங்கியவரின் சிக்கல் வேறு. பக்கவாதம் வந்தவருக்கு ஒரு கை எழாது. முடக்குவாதத்தில் விரல் மூட்டுகள் வீங்கி, மெல்லிய பிரஷ் காம்பைப் பிடிக்க முடியாது. பார்க்கின்சன் நோயில் நடுக்கம் பிரஷை ஈறில் குத்தவைக்கும். இவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். செய்யத்தான் கை ஒத்துழைக்காது. வயதானவர்களிடம் பல நேரம் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. அப்போது வேலை வீட்டில் உள்ள இன்னொருவர் கைக்கு வருகிறது. பெரும்பாலும் அது மகள், மருமகள் அல்லது மனைவியின் கை.

அந்தக் கை எதை அகற்ற வேண்டும் என்பது முதலில் தெளிவாக வேண்டும். சுத்தமாக விளக்கிய பல்லின் மேலும் சில மணி நேரத்திலேயே மெல்லிய, பிசுபிசுப்பான ஒரு படலம் படியத் தொடங்குகிறது. அது கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிக்கொண்ட கூடு. கொப்பளித்தால் அது போகாது. பாசி பிடித்த தொட்டியில் தண்ணீரை ஊற்றினால் மட்டும் பாசி போகாது, தேய்த்தால்தான் போகும் என்பது போலத்தான் இதுவும். தேய்க்காமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தை இழுத்துச் சில நாட்களில் காரையாக இறுகத் தொடங்கும். இறுகிய காரையை வீட்டுப் பிரஷால் அகற்ற முடியாது. பல் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். “வாயைக் கொப்பளிக்க வைத்துவிட்டோம், போதும்” என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். அது போதாது.

முதியவர்களின் வாயில் இந்தப் படலம் இளையவர்களிடம் செய்வதைவிடக் கூடுதல் சேதம் செய்கிறது. வயதாக ஆக ஈறு கீழிறங்கி, பல்லின் வேர்ப்பகுதி வெளியே தெரிகிறது. பல்லின் தலைப்பகுதிக்கு இருக்கும் எனாமல் என்ற கடினமான உறை வேருக்குக் கிடையாது. அதனால் சொத்தை ஈறோரமாக, பல்லைச் சுற்றி வளையம்போல் தொடங்குகிறது. மேலே நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு அது படாது. ஒரு நாள் முன்பல் ஒன்று சோறு மெல்லும்போது முறிந்து கையோடு வரும்போதுதான் தெரியும்.

இரண்டாவது சேதம் நுரையீரலில் நடக்கிறது. விழுங்கும் தசைகள் தளர்ந்தவருக்கு எச்சில் அவ்வப்போது உணவுக்குழாய்க்குப் பதிலாக மூச்சுக்குழாயில் இறங்கும். தூக்கத்தில் இது சத்தமில்லாமல் நடக்கும். புரையேறி இருமக்கூடச் செய்யாது. அந்த எச்சில் எத்தனை கிருமிகளைச் சுமந்து போகிறது என்பது வாயின் நிலையைப் பொறுத்தது. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பராமரிப்பாளர்களே வாயைச் சுத்தம் செய்துவிட்டவர்களில் 11 சதவீதத்தினருக்கு நிமோனியா வந்தது. அப்படிச் செய்யாதவர்களில் 19 சதவீதத்தினருக்கு வந்தது. பல்லே இல்லாதவர்களும் அந்த ஆய்வில் இருந்தார்கள். பலன் அவர்களுக்கும் இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் பலன் இத்தனை தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் பொக்கை வாய்க்குச் சுத்தம் தேவையில்லை என்ற நினைப்பு தவறு என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஏன் மறுக்கிறார்?

பராமரிப்பவர் எல்லோரும் முதலில் சொல்வது பிரஷையோ பேஸ்ட்டையோ பற்றி அல்ல. “வாயையே திறக்க மாட்டேங்கிறாங்க” என்பதுதான். பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்துப் பார்க்க ஒரு வீட்டை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். மூதாட்டிக்கு 78 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் முகத்தின் வலது பக்கமும் தளர்ந்துவிட்டன. அதைத் தொடர்ந்து மறதி. வாயில் 19 பற்கள் இருக்கின்றன. மேல் முன்வரிசையில் கழற்றி மாட்டும் சிறிய பல்செட். கவனித்துக்கொள்வது வேலைக்குப் போய்வரும் மருமகள்.

மருமகள் எல்லா வேலையும் முடிந்து இரவு ஒன்பதரைக்கு வருவார். அரை வெளிச்சம். மாமியார் கட்டிலில் சாய்ந்திருப்பார். பேஸ்ட் வைத்த பிரஷைத் தலைமாட்டிலிருந்து நீட்டி, “வாயத் திறங்க, சீக்கிரம்” என்பார். மாமியார் உதட்டை இறுக்கிக்கொள்வார். மகன் வந்து கையைப் பிடித்துக்கொள்வார். பிரஷ் உள்ளே போனதும் கடிப்பார், தள்ளுவார், சில நாள் அடிப்பார். கடைசியில் எல்லோரும் களைத்துப்போய் விட்டுவிடுவார்கள். “பிடிவாதம் ஜாஸ்தியாயிடுச்சு” என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள்.

அதே காட்சியைக் கட்டிலில் இருப்பவரின் கண் வழியாகப் பார்த்தால் அதற்குப் பெயர் பிடிவாதம் இல்லை. இருட்டில், யாரென்று சட்டென்று பிடிபடாத ஒருவர், தலைக்குப் பின்னாலிருந்து நீளமான ஒரு பொருளை முகத்துக்கு நேரே கொண்டுவருகிறார். இன்னொருவர் கையைப் பிடித்து அமுக்குகிறார். அந்தப் பொருள் பிரஷ் என்பதே அவருக்கு அந்த நேரத்தில் தெரியவில்லை. தன்னைத் தாக்க வருகிறார்கள் என்று எண்ணித் தற்காத்துக்கொள்கிறார். அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் ரீட்டா ஜப்லான்ஸ்கியும் அவருடைய சகாக்களும் முதியோர் இல்லங்களில் இந்த மறுப்பைத்தான் ஆராய்ந்தார்கள். மறுப்பு என்பது அச்சுறுத்தலுக்கு எதிரான இயல்பான தற்காப்பு, ஆகவே அச்சுறுத்தலைக் குறைத்தால் மறுப்பும் குறையும் என்பது அவர்கள் முறையின் அடிப்படை. 2011-இல் ஒரு சிறிய முன்னோட்ட ஆய்வாக வெளிவந்த அந்த முறையில் விசேஷக் கருவி எதுவும் இல்லை. எங்கே நிற்பது, எப்படிப் பேசுவது, யார் கையில் எதைக் கொடுப்பது என்பவைதான் அதில் இருந்தன.

மேற்சொன்ன வீட்டில் அந்த முறையைப் பொருத்தினால் இப்படி இருக்கும். முதலில் நேரம் மாறுகிறது. பொழுது சாயச் சாய மறதி நோயாளிகள் பலருக்குக் குழப்பமும் படபடப்பும் கூடும். அதனால் ஒன்பதரை வேண்டாம். ஏழு மணிக்கு இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு செய்வது நல்லது. அதற்குப் பிறகு தண்ணீரும் மாத்திரையும் தவிர வேறெதுவும் தருவதில்லை. தூக்கத்தில் எச்சில் சுரப்பு ஏறக்குறைய நின்றுபோகிறது. வாயைக் கழுவிவிட எச்சிலும் இல்லாத அந்த எட்டு மணி நேரத்துக்கு முன் வாய் சுத்தமாக இருக்க வேண்டும். நாளுக்கு இரு வேளை விளக்குவதே முறை; ஒரு வேளைதான் முடியும் என்றால் அது இரவாக இருக்கட்டும்.

அடுத்து இடம். கட்டிலிலிருந்து எழுப்பி வாஷ்பேசின் முன்னால் ஒரு நாற்காலியில் உட்காரவைக்கிறார்கள். அறுபது எழுபது வருஷமாக முகம் கழுவிய பழக்கம் உடம்பில் இருக்கிறது. குழாயும் தண்ணீர் சத்தமும் அதைத் தட்டி எழுப்பும். விளக்கு நன்றாக எரிய வேண்டும். கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று புரியாமல், வேறு யாரோ பார்க்கிறார்கள் என்று மிரள்பவருக்கு அதன்மேல் ஒரு துண்டைப் போட்டுவிடலாம்.

மருமகள் இப்போது எதிரே, கண்ணுக்குக் கண் நேராக உட்காருகிறார். “அத்தை, சாப்பிட்டாச்சு. வாய் கழுவலாமா?” என்கிறார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சொல் வேலை: “இதப் பிடிங்க.” பிரஷை மாமியாரின் இடது கையில் கொடுக்கிறார், ஏனென்றால் வேலை செய்யும் கை அதுதான். தன் கையில் இன்னொரு பிரஷை வைத்துக்கொண்டு தான் விளக்குவது போலச் செய்து காட்டுகிறார். சில நாள் அதைப் பார்த்து அவரே தொடங்கிவிடுவார். தொடங்காத நாளில் மருமகள் அவருடைய கையின் மேல் தன் கையை வைத்து, பிரஷைச் சேர்த்து வாய்க்குக் கொண்டுபோகிறார். தன் கை வாய்க்குப் போவதற்கு யாரும் பயப்படுவதில்லை. நாலைந்து தடவை அசைத்ததும் பழைய ஓட்டம் பிடித்துக்கொண்டு கை தானாக நகரும் நாளும் உண்டு.

குழந்தையிடம் பேசுவது போல “செல்லம், குட்டி, ஆ காட்டு” என்று கொஞ்சுவது இங்கே எதிர்விளைவையே தரும். நினைவு போனாலும் பெரியவர் என்ற மானம் போவதில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. உறவு சொல்லி அழைத்து, “வாங்க, போங்க” என்று வழக்கமாகப் பேசுவதே நல்லது. மறுத்தால் வாதாட வேண்டாம். பிரஷைக் கீழே வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து, முதல் தடவை வருவது போலவே திரும்ப வரலாம். மறதி நோய் தரும் ஒரே சலுகை இது: பத்து நிமிடத்துக்கு முந்தைய சண்டை அவர் நினைவில் இருக்காது. அல்லது ஆளை மாற்றலாம். மருமகளைத் தள்ளிவிட்டவர் பேத்தி கேட்டால் வாயைத் திறக்கக்கூடும். கையைப் பிடித்து அமுக்கி வாயைப் பிளப்பது மட்டும் எந்த நாளும் கூடாது. அன்று பல் சுத்தமாகலாம். ஆனால் அந்தப் பயம் தங்கிவிடும், அடுத்த நாள் பிரஷைப் பார்த்ததுமே உதடு இறுகும்.

இந்த வீட்டில் இன்னொன்றும் வெளிப்படுகிறது. மாமியார் அடிக்கடி “எரியுது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். புதினா பேஸ்ட்டின் காரம் என்று எண்ணி யாரும் பொருட்படுத்தவில்லை. வாழ்நாளில் பாதிக்கு மேல் வேப்பங்குச்சியும் பற்பொடியும் பயன்படுத்தியவருக்குப் புதினா எரிவது இயல்புதான். காரம் குறைந்த பேஸ்ட்டுக்கு மாற்றிய பிறகும் எரிச்சல் போகவில்லை. பல்செட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது, அதன் கம்பி அழுத்துமிடத்தில் ஈறில் ஒரு புண். மறுப்பில் ஒரு பங்கு பயம். இன்னொரு பங்கு வலி. புதிதாக மறுக்கத் தொடங்கும் எவருடைய வாயையும் முதலில் புண்ணுக்கும் உடைந்த பல்லுக்குமாகப் பார்ப்பது நல்லது.

கை பிடிக்காவிட்டால் காம்பைப் பருமனாக்கலாம்

தானே விளக்க முடிந்தவரை ஒருவரைத் தானே விளக்கவிடுவதுதான் நல்லது. கை முடங்கியவருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது பருமனான காம்பு. விரல்களை முழுதாக மடக்க முடியாதவருக்குக் கிரிக்கெட் மட்டையின் பிடி அளவு பருமன் இருந்தால் பிரஷ் கையில் நிற்கும். சைக்கிள் ஹேண்டில் பிடியைக் காம்பில் செருகலாம். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் பஞ்சுறையை வெட்டி மாட்டலாம். ஒரு ரப்பர் பந்தில் துளை போட்டு அதில் காம்பைச் செருகினாலும் போதும். பிடிக்கவே முடியாத கைக்கு, உள்ளங்கையைச் சுற்றி அகலமான எலாஸ்டிக் பட்டை தைத்து அதற்குள் காம்பைச் செருகிவிடலாம். தோளை உயர்த்த முடியாதவர் முழங்கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டு தலையைப் பிரஷை நோக்கித் தாழ்த்தலாம். பேஸ்ட் குழாயைப் பிதுக்க முடியாதவருக்கு முன்கூட்டியே பேஸ்ட் வைத்துத் தரலாம்.

பேட்டரி பிரஷ் கையை அசைக்கத் தேவையில்லாமல் தேய்த்துவிடும், காம்பும் பருமன். முடக்குவாதக்காரருக்கு அது பெரிய உதவி. ஆனால் எடை கூடுதல். மறதி நோயாளிக்கு அதன் அதிர்வும் சத்தமும் மிரட்சி தரலாம். முன்பே பழகியவராக இருந்தால் தொடரலாம், நோய் முற்றிய பிறகு புதிதாகப் பழக்குவது கடினம். ஒரே சமயத்தில் பல்லின் உள், வெளி, மேல் என மூன்று பக்கமும் தேய்க்கும் மூன்று தலைப் பிரஷ்களும் உண்டு. வாயை அதிக நேரம் திறந்து வைக்காதவருக்கு அவை நேரத்தை மிச்சப்படுத்தும்.

பக்கவாதக்காரர் தானே விளக்கினாலும் ஒரு இடம் விடுபடும். தளர்ந்த பக்கத்தில் உணர்வு குறைவு. சோறு கன்னத்துக்குள் ஒதுங்கி அங்கேயே அதக்கியபடி கிடக்கும், அவருக்குத் தெரியாது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வாயைத் திறந்தால் மதியத்துச் சோறு அப்படியே இருப்பதைப் பார்க்கலாம். சொத்தைக்கும் காரணம் அது, புரையேறுவதற்கும் காரணம் அது. மேற்சொன்ன மூதாட்டி விளக்கி முடித்ததும் மருமகள் வலது கன்னத்தை மட்டும் தனியாக ஒருமுறை பார்த்து, ஈரத் துணி சுற்றிய விரலால் வழித்துவிடுகிறார்.

அடுத்தவர் வாயில் பிரஷ்

எல்லாவற்றையும் பராமரிப்பவரே செய்ய வேண்டிய கட்டத்தில் நோயாளியின் நிலைதான் முதல் கவனம். நாற்காலியில் நிமிர்ந்து, முகவாய் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். தலையை அண்ணாத்தினால் தொண்டைக்குள் நேரே வழி திறந்து, நுரையும் எச்சிலும் மூச்சுக்குழாய்க்கு இறங்கும். படுத்த படுக்கையாக இருப்பவரின் தலைப்பக்கத்தை உயர்த்தி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கன்னத்தின் கீழ் ஒரு துண்டை விரித்தால் எச்சில் தொண்டைக்குப் போகாமல் துண்டில் வடியும்.

பிரஷ் சின்னத் தலையும் மிருதுவான நாரும் கொண்டதாக இருக்க வேண்டும். குழந்தைகள் பிரஷ் பெரியவர்களுக்கும் நன்றாக உதவும். ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட் பட்டாணி அளவு போதும். துப்பத் தெரியாதவருக்கு நார்முனையில் மெல்லிய பூச்சாகத் தடவினாலே போதும். மிச்சத்தை ஈரத் துணியால் துடைத்தெடுக்கலாம். நுரைதான் இங்கே சத்துரு. நிறைய நுரைக்கும் பேஸ்ட் புரையேற்றும், வாய்க்குள் என்ன இருக்கிறது என்பதையும் மறைத்துவிடும். துப்பத் தெரிந்தவரும் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டியதில்லை. கொப்பளித்தால் ஃப்ளோரைடும் சேர்ந்து போய்விடும்.

தொடங்குவதற்கு நல்ல இடம் பற்களின் வெளிப்பக்கம். இதற்கு வாயைத் திறக்கவே தேவையில்லை. பற்கள் கடித்தபடி இருந்தாலும் உதட்டை விலக்கிப் பிரஷைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே விட்டுவிடலாம். சொல்லப்போனால் வாய் மூடியிருக்கும்போதுதான் கன்னம் தளர்ந்து கடைவாய்ப் பல் வரை இடம் கிடைக்கும். நார் ஈறும் பல்லும் சேரும் கோட்டை நோக்கிச் சாய்வாக இருக்க வேண்டும், ஏறக்குறைய 45 டிகிரி. அங்கே சின்னச் சின்ன வட்டமாக, ஓர் இடத்தில் பத்து எண்ணும் வரை. மருமகள் சத்தமாக எண்ணுவார், மாமியாரும் சேர்ந்து எண்ணுவார். எப்போது முடியும் என்று தெரிந்தால் பொறுத்துக்கொள்வது எளிது.

உள்பக்கத்துக்கு வாய் திறக்க வேண்டும். விரலைப் பற்களுக்கு நடுவே கொடுப்பது பெரிய தவறு. கடி பலமாக விழும், அது வேண்டுமென்று கடிப்பது அல்ல, அனிச்சைச் செயல். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே போகும் விரல் பத்திரமானது. மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே போகும் விரலுக்குத்தான் ஆபத்து. இரண்டு பிரஷ் வைத்துக்கொள்வது வழி: ஒரு பிரஷின் தலையைக் கடைவாயில் ஒரு பக்கம் கடிக்கக் கொடுத்துவிட்டு, மறுபக்கத்தை இன்னொரு பிரஷால் சுத்தம் செய்யலாம். கரண்டியோ வேறு உலோகமோ வைத்துப் பிளந்தால் பல் உடையும். பிரஷைக் கவ்விக்கொண்டால் இழுக்காமல் காத்திருந்து, தாடையோரமாக மெல்லத் தடவிக்கொடுத்தால் பிடி விடும். நாக்கைப் பிரஷாலேயே பின்னிருந்து முன்னாக நாலு தடவை இழுத்தால் போதும். நாக்கு வழிப்பானை ஆழமாக விட்டால் குமட்டும், வாந்தியும் மூச்சுக்குழாய்க்குப் போகும்.

முதல் வாரம் ஈறில் ரத்தம் வரும். அதைக் கண்டு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அழுக்குப் படிந்து வீங்கிய ஈறுதான் ரத்தம் விடுகிறது; மிருதுவாகத் தொடர்ந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு வழிந்துகொண்டே இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

முழு வாயையும் ஒரே வேளையில் முடிக்க முடியாத நாட்கள் வரும். அன்று கீழ்வரிசை, நாளைக் காலை மேல்வரிசை என்று பிரித்துக்கொள்வதில் தவறில்லை. நேற்று எந்தப் பக்கம் விடுபட்டதோ அங்கிருந்து இன்று தொடங்கினால் எந்தப் பல்லும் நாள் கணக்கில் தொடாமல் கிடக்காது.

பல்செட்

இரவில் பல்செட் வாயில் இருக்கக்கூடாது. ஜப்பானில் 85 வயதுக்கு மேற்பட்ட 524 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் அபாயம் 2.3 மடங்கு இருந்தது. கழற்றியதும் சாதாரண சோப்பும் அதற்கென்று தனியான பிரஷும் வைத்துத் தேய்க்க வேண்டும். பேஸ்ட் கீறல் போடும். கீறலுக்குள் கிருமி குடியிருக்கும். கொதிநீர் செட்டை வளைத்துவிடும், பிறகு பொருந்தாது. பேசினில் பாதி தண்ணீர் நிரப்பி அதன்மேல் வைத்துக் கழுவினால், கை நழுவினாலும் உடையாது. பிறகு இரவு முழுதும் தண்ணீரில் போட்டு வைக்கலாம்.

செட்டுக்கு அடியில் இருந்த அண்ணமும் ஈறும் சிவந்து வெல்வெட் போலிருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. வாயோரம் வெடித்துப் புண்ணாவதும் அதன் அடையாளமாக இருக்கலாம். மருந்தால் சரியாகும், ஆனால் செட்டையும் சேர்த்துச் சுத்தம் செய்யாவிட்டால் திரும்ப வரும்.

மறதி நோயாளியின் பல்செட் காணாமல் போவது அன்றாடக் கதை. காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டிருப்பார், தலையணை உறைக்குள் ஒளித்திருப்பார். கழற்றியதும் நேரே மூடியுள்ள டப்பாவுக்குப் போக வேண்டும். மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ சேர்ப்பதென்றால், செட்டில் பெயர் பதித்துத் தரச் சொல்லிப் பல் மருத்துவரிடம் கேட்கலாம். சில வாரம் போடாமல் விட்டால் ஈறின் வடிவம் மாறி, கிடைத்தாலும் பொருந்தாது.

செய்யக்கூடாதவை

நல்லெண்ணெய் கொப்பளிப்பது இன்றும் பல வீடுகளில் உண்டு. வாய்க்குள் ஒரு மடக்கை வைத்திருந்து துப்பத் தெரிந்தவரைக்கும் அதில் பெரிய தீங்கு இல்லை. துப்புவதை மறந்தவர் அதை விழுங்கிவிடுவார். விழுங்கும் தசை தளர்ந்தவருக்கு அது நுரையீரலுக்குள் இறங்கும். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் இருமலைக்கூடச் சரியாகத் தூண்டாமல் அங்கேயே தங்கி வீக்கம் உண்டாக்கும். தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறார், குடித்த பிறகு குரல் தொண்டையில் தண்ணீர் நிற்பது போலக் கரகரக்கிறது என்றால் உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பும் வேண்டாம். உதட்டுக்கு மட்டும் எண்ணெயை மெல்லத் தடவிக்கொள்ளலாம்.

குச்சியில் பஞ்சு வைத்த துடைப்பான் வாயை ஈரப்படுத்தப் பயன்படும். பல்லின் படலத்தை அது அகற்றாது. பஞ்சு கடிபட்டு அறுந்து தொண்டையில் சிக்கும் ஆபத்தும் உண்டு. எலுமிச்சையும் கிளிசரினும் கலந்த துடைப்பான் முதலில் குளிர்ச்சியாகத் தோன்றினாலும் வாயை மேலும் வறளவைக்கும், அதன் அமிலம் பல்லை அரிக்கும். குளோர்ஹெக்சிடின் கலந்த வாய்க்கழுவியை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். அது பல்லில் பழுப்புக் கறை போடும், பிரஷுக்கு மாற்று ஆகாது.

மாத்திரையைப் பொடித்துத் தேனிலோ சர்க்கரையிலோ குழைத்துத் தருவது பராமரிப்பவர்களின் பழைய உபாயம். படுக்கும் முன் அப்படித் தந்தால் இரவு முழுதும் பல்லைச் சுற்றி இனிப்பு பூசியது போலாகும். மாத்திரையை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் பல் விளக்க வேண்டும். வாய் வறட்சிக்கும் மாத்திரைகளே பல நேரம் காரணம். தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் அடிக்கடி சிறுநீர் வருவதற்கும் அலர்ஜிக்கும் தரும் பல மருந்துகள் எச்சிலைக் குறைக்கும். எச்சில் குறைந்த வாயில் சொத்தை வேகமாகப் பரவும். டாக்டரிடம் போகும்போது மருந்துச் சீட்டைக் காட்டி, மாற்றக்கூடியது ஏதும் உண்டா என்று கேட்பது பயன் தரும்.

வலியைச் சொல்லத் தெரியாதவரிடம் வலி வேறு உருவத்தில் வரும். ஒரு பக்கமாகவே மெல்லுவார், முறுக்கையும் முந்திரியையும் தள்ளிவைப்பார், சூடான காபியை ஆறவிட்டுக் குடிப்பார், கை அடிக்கடி கன்னத்துக்குப் போகும், நேற்றுவரை போட்டுக்கொண்ட பல்செட்டை இன்று வேண்டாம் என்பார், காரணமில்லாமல் இரவில் அனத்துவார். நோய் முற்றுகிறது என்று வீட்டில் நினைப்பார்கள். பல்லில் சீழ் கட்டியிருக்கலாம். பல் மருத்துவரிடம் அழைத்துப் போகக் காலை நேரம் நல்லது, அப்போது மனம் தெளிவாக இருக்கும். வாரத்தில் ஒரு நாள் டார்ச் வைத்து உதட்டின் உள்பக்கம், இரு கன்னங்கள், நாக்கின் அடிப்புறமும் ஓரமும், அண்ணம் என்று பார்த்துவிட வேண்டும். வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் போட்ட பெரியவர்களுக்கு இது கட்டாயம்: வலியே இல்லாவிட்டாலும், இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணையும் வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டையும் பல் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.